மருத்துவக் கட்டுரைகளில் வரும் சுருக்கப்பெயர்களைத் தமிழாக்குவது: ஒரு காசநோய்க் கட்டுரையை வைத்து முழுமையான வழிகாட்டி

காசநோய் பற்றிய ஒரே ஆய்வுக் கட்டுரையில் HR என்ற இரண்டு எழுத்துகள் மூன்று வேறு பொருளில் வரலாம். சிகிச்சை பற்றிய பத்தியில் அது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற இரு மருந்துகளின் கூட்டு. புள்ளியியல் பத்தியில் அது இடர் விகிதங்களில் ஒன்று. நோயாளிகளின் உடல்நிலை அட்டவணைக்குப் போனால் அதுவே நிமிடத்துக்கு இத்தனை என்ற இதயத் துடிப்பு ஆகிவிடும். RR-உம் அப்படித்தான்: ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத வகை, ஒப்பீட்டு இடர், மூச்சு வீதம். மூல ஆசிரியருக்கும் அந்தத் துறை வாசகருக்கும் இடம் பார்த்தே பொருள் தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பவர் எழுத்தை அப்படியே விட்டுவிட்டால், தமிழில் படிப்பவருக்கு அந்த உதவி கிடைக்காது.

அதனால் இந்த வேலையில் மொழிபெயர்க்கப்படுவது எழுத்துகள் அல்ல, அந்த இடத்தில் அவை குறிக்கும் பொருள்தான். பொருள் உறுதியான பிறகே தமிழில் விரிப்பதா, ஆங்கில எழுத்தை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய முடியும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

முதல் படி: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன்பே கட்டுரையில் உள்ள சுருக்கப்பெயர்கள் அனைத்தையும் பட்டியலாக எடுத்துவிட வேண்டும். படித்துக்கொண்டே போகும்போது எதிர்ப்படுவதை அப்போதைக்கப்போது தீர்த்தால், மூன்றாம் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லும் ஒன்பதாம் பக்கத்தில் வேறொன்றும் விழுந்துவிடும். கட்டுரை பிடிஎஃப் கோப்பாக இருந்தால், லினக்ஸில் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
pdftotext paper.pdf paper.txt
grep -oE '[A-Za-z0-9]*[A-Z][A-Za-z0-9-]*[A-Z][A-Za-z0-9-]*' paper.txt | sort | uniq -c | sort -rn
```

இரண்டு பெரிய எழுத்துகளாவது உள்ள எல்லாச் சொற்களையும், எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கையோடு இது தரும். 2HRZE, BPaLM, HbA1c போன்ற கலப்பு வடிவங்களும் சிக்கும். தப்பிப்பவை மூன்று வகை. rpoB போல ஒரே ஒரு பெரிய எழுத்து உள்ள மரபணுப் பெயர்கள் வராது. படமாக ஒட்டப்பட்ட வரைபடங்களில் இருக்கும் எழுத்துகளும் வராது. வரி முடிவில் உடைந்த சொற்கள் பாதியாக வரலாம். இந்த மூன்றையும் கண்ணால்தான் தேட வேண்டும். படங்களின் அடிக்குறிப்பை விட்டுவிடாதீர்கள். வேறெங்கும் இல்லாத சுருக்கப்பெயர்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எண்ணிக்கை வீண் தகவல் அல்ல. ஒரு பெயர் கட்டுரை முழுவதும் இரண்டு முறை மட்டுமே வருகிறது என்றால், தமிழில் அதற்குச் சுருக்கமே தேவையில்லை. இரண்டு இடத்திலும் விரித்தே எழுதிவிடலாம். பட்டியலில் கணிசமான பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: இந்தக் கட்டுரையில், இந்த இடத்தில் என்ன பொருள்?

விரிவைத் தேட வேண்டிய முதல் இடம் இணையம் அல்ல, கட்டுரையேதான். ஆய்வுச்சுருக்கம், முன்னுரை, ஒவ்வொரு அட்டவணையின் அடிக்குறிப்பு ஆகியவற்றில் முதல் முறை வரும்போது ஆசிரியர் விரித்திருப்பார். ஆய்வுச்சுருக்கத்தில் விரித்ததை உள்ளே மீண்டும் விரிப்பது ஆய்விதழ்களின் வழக்கம். இரண்டும் ஒன்றுதானா என்றும் ஒப்பிட்டுவிடுங்கள்.

எங்குமே விரிக்கப்படாதவற்றுக்கு எண்ணும் அலகும் வழிகாட்டும். RR என்பதற்குப் பக்கத்தில் 24 என்றும் நிமிடம் என்ற அலகும் இருந்தால் அது மூச்சு வீதம். 1.6 என்ற அலகில்லாத எண்ணும் அதன்பின் நம்பிக்கை இடைவெளியும் வந்தால் ஒப்பீட்டு இடர். ஒரு கோட்டோடு TB ஒட்டியிருந்தால் மருந்துக்குக் கட்டுப்படாத நோய் வகை. HR-க்கு முன் ஓர் எண் ஒட்டிக்கொண்டு 4HR என்று வந்தால், நான்கு மாதம் அந்த இரு மருந்துகள் என்று பொருள். 2HRZE/4HR என்ற குறியீட்டில் H ஐசோனியசிட், R ரிஃபாம்பிசின், Z பைரசினமைடு, E எத்தாம்பியூட்டால். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது தீவிர கட்டம், பின்னால் இருப்பது தொடர் கட்டம். இந்தியாவில் இப்போதைய சிகிச்சை முறை 2HRZE/4HRE. ஆகவே 4HR என்று பார்த்ததும் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று என்று நினைத்து E-யைச் சேர்த்துவிடாதீர்கள். பழைய ஆய்வோ வேறு நாட்டு ஆய்வோ ஆக இருக்கலாம்.

துறை மாறும்போது பொருள் மாறுபவை தனி. PTB காசநோய்க் கட்டுரையில் நுரையீரல் காசநோய். மகப்பேறு கட்டுரையில் குறைமாதப் பிறப்பு. கர்ப்பிணிகளின் காசநோய் பற்றிய கட்டுரை என்றால் இரண்டுமே வர வாய்ப்புண்டு. ART எச்ஐவி உள்ளவர்களுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை. கருத்தரிப்பு மருத்துவத்தில், மருத்துவ உதவியுடன் கருத்தரிக்கச் செய்யும் முறைகளுக்கான பொதுப்பெயர். RT-PCR-இல் வரும் RT பெரும்பாலும் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் பின்னோக்குப் படியெடுப்பைக் குறிக்கும். ஆனால் சிலர் அதே எழுத்துகளை உடனுக்குடன் அளவிடும் முறைக்கும் எழுதுகிறார்கள். காசநோய்க் கிருமி ஒரு பாக்டீரியா. அதன் டிஎன்ஏவைத் தேடும் சோதனையில் பின்னோக்குப் படியெடுப்புக்கு வேலையே இல்லை. அங்கே RT என்று இருந்தால் உடனுக்குடன் அளவிடும் முறையாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஆண்டைப் பாருங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். XDR-TB என்பதன் விரிவு மாறவில்லை, வரையறை மாறிவிட்டது. 2021-க்கு முன்பு, ஐசோனியசிட், ரிஃபாம்பிசினோடு ஒரு ஃபுளோரோகுவினோலோனுக்கும் இரண்டாம் நிலை ஊசி மருந்துகளில் ஒன்றுக்காவதும் கட்டுப்படாததை அப்படி அழைத்தார்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் ஊசி மருந்துகளை வரையறையிலிருந்து எடுத்துவிட்டு, பெடாகுவிலின் அல்லது லினசோலிடு என்று மாற்றியது. 2012-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு இன்றைய வரையறையை அடிக்குறிப்பாகப் போட்டால், அந்த ஆய்வில் இருந்த நோயாளிகளையே மாற்றிவிடுகிறோம். இந்தியத் தேசியத் திட்டத்தின் பெயரும் இப்படித்தான். 2019 வரை RNTCP, 2020 முதல் NTEP. முன்னது கட்டுப்பாட்டுத் திட்டம், பின்னது ஒழிப்புத் திட்டம். 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒழிப்புத் திட்டம் என்று எழுதினால் காலப்பிழை.

மூன்றாம் படி: தமிழ் விரிவை அமைப்பது

தமிழில் தலைச்சொல் கடைசியில் வரும். ஆங்கில விரிவைச் சொல்லுக்குச் சொல் அடுக்கினால் எது எதைத் தழுவுகிறது என்பது குழம்பிவிடும். காசநோயில் இதற்கு ஒரு பெரிய பள்ளமே இருக்கிறது. காசநோயைக் குணப்படுத்தும் மருந்தைக் “காசநோய் எதிர்ப்பு மருந்து” என்கிறோம். மருந்துக்கு மசியாத நோயை “மருந்து எதிர்ப்புக் காசநோய்” என்று எழுதுகிறார்கள். அதே மூன்று சொற்கள், வரிசை மட்டும் வேறு, பொருள் நேரெதிர். ஒரு பத்தியில் இரண்டும் கலந்து வந்து, “காசநோய் எதிர்ப்பு மருந்து எதிர்ப்பு” என்று ஒரு தொடரும் உருவாகிவிட்டால், எழுதியவராலேயே அதை மறுபடி படிக்க முடியாது.

எதிர்ப்பு என்ற சொல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடுவதே இதற்கு வழி. மருந்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கிருமிக்குக் “கட்டுப்படாத” என்பது போதும். MDR-TB பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய், RR-TB ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத காசநோய். இதில் முதலாவதற்கு இன்னும் ஒரு வரி தேவை. “பல மருந்துகள்” என்றதும் ஏதோ சில மருந்துகள் என்று தோன்றும்; வரையறைப்படி ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டுக்குமாவது கட்டுப்படாமல் இருக்க வேண்டும். முதல் முறை எழுதும்போது அதையும் சொல்லிவிடுங்கள். விரிவு துல்லியமாக இருந்தும் பொருள் தெரியாமல் போகும் இடம் இது.

புள்ளியியல் சொற்களில் வேறொரு சிக்கல். ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருக்கும் RR, HR, OR மூன்றும் தமிழில் இடர், விகிதம், வாய்ப்பு என்ற ஒரே சில சொற்களில் வந்து முட்டிக்கொள்கின்றன. மூன்றையும் “ஆபத்து விகிதம்” என்று எழுதிய மொழிபெயர்ப்புகள் நிறைய. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட மூன்றும் வேறுவேறாக இருப்பது முக்கியம். நாங்கள் பரிந்துரைப்பது: RR ஒப்பீட்டு இடர், HR இடர்வீத விகிதம், OR வாய்ப்பு விகிதம். இடர்வீத விகிதம் காதுக்கு இனிமையாக இல்லைதான். ஆனால் காலப்போக்கில் நிகழ்வு எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை ஒப்பிடும் அளவு அது என்பதை வேறு எந்தச் சொல்லும் காட்டுவதில்லை. CI-க்கு நம்பிக்கை இடைவெளி என்பது பழகிய சொல். அதை மாற்ற வேண்டாம்.

சில விரிவுகளில் நோயாளியைப் பற்றிய தொனியும் இருக்கிறது. LTFU என்பதைச் “சிகிச்சையைக் கைவிட்டவர்கள்” என்று எழுதுவது பழைய வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் குற்றம் சாட்டும் தொனியுள்ள பழைய சொல்லை விட்டுவிட்டுத்தான் இந்தச் சொல்லுக்கு மாறியது. சிகிச்சையைத் தொடங்காமலே போனவர்களும், தொடர்ந்து 2 மாதம் அல்லது அதற்கு மேல் சிகிச்சை தடைப்பட்டவர்களும் இதில் அடக்கம். காரணம் எதுவாகவும் இருக்கலாம். “சிகிச்சைத் தொடர்பிலிருந்து விடுபட்டவர்கள்” என்றால் தொனி சரியாக இருக்கும்.

தமிழிலேயே முதலெழுத்துகளை எடுத்து ப.ம.க.கா. என்பதுபோல் புதிய சுருக்கம் உண்டாக்கும் ஆசை எல்லோருக்கும் ஒருமுறை வரும். வேண்டாம். படிக்கவும் வராது, தேடினாலும் கிடைக்காது, வேற்றுமை உருபும் ஒட்டாது. மீண்டும் மீண்டும் எழுத நீளமாக இருந்தால், விரிவில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை “பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்” என்று எழுதிவிட்டால், அடுத்த வரிகளில் “இவ்வகைக் காசநோய்” என்றாலே போதும். அளவை அலகுகள் மட்டும் விதிவிலக்கு: மி.கி., மி.லி., கி.மீ. எல்லோருக்கும் பழகியவை. அங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. MIC எனப்படும் கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்துச் செறிவு பெரும்பாலும் மைக்ரோகிராமில் வரும். மைக்ரோகிராமைச் சுருக்கவே கூடாது. அது மி.கி. என்று மாறிவிட்டால் ஆயிரம் மடங்கு பிழை.

நான்காம் படி: எதை ஆங்கில எழுத்தில் விடுவது?

ஒரே கேள்வி போதும்: வாசகர் இந்த எழுத்துகளை இந்தக் கட்டுரைக்கு வெளியே எங்காவது பார்ப்பாரா?

பரிசோதனை முடிவுத் தாளில், மருந்துச் சீட்டில், சிகிச்சை அட்டையில் பார்ப்பார் என்றால் எழுத்துகளை விடக்கூடாது. CBNAAT அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரசு மருத்துவமனையில் சளி கொடுத்தவரின் தாளில் அப்படித்தான் அச்சாகி வரும். வாயால் சிபிநாட் என்பார்கள். முதல் முறை “காசநோய்க் கிருமியின் மரபணுவைச் சளியில் தேடும் CBNAAT சோதனை” என்று விளக்கிவிட்டு, பிறகு எழுத்துகளையே பயன்படுத்துங்கள். சொல்லுக்குச் சொல்லான முழு விரிவு இங்கே யாருக்கும் உதவாது.

TB, HIV, BCG போன்றவை தமிழ்ப் பேச்சிலேயே கலந்துவிட்டவை. காசநோய் என்ற நல்ல சொல் இருப்பதால் தனித்து வரும் TB-யை அப்படியே மாற்றிவிடலாம். எச்ஐவி, பிசிஜி தடுப்பூசி, எய்ட்ஸ் ஆகியவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதலாம், விரிக்கத் தேவையில்லை. பிசிஜியில் உள்ள C-யும் G-யும் கண்டுபிடித்த இருவரின் பெயர்கள். அதை மொழிபெயர்க்கவும் முடியாது. இலங்கை வாசகர்களும் படிப்பார்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் டி.பி. என்று எழுதுவதை அங்கே ரி.பி. என்று எழுதுவார்கள். இரு பக்கமும் போகும் கட்டுரையில் காசநோய் என்ற சொல்லே தகராறில்லாதது.

கட்டுரைக்குள் மட்டுமே வாழும் சுருக்கப்பெயர்கள், அதாவது ஆசிரியர் தன் வசதிக்காக உண்டாக்கிக்கொண்டவை, தமிழில் மறைந்துவிட வேண்டும். புள்ளியியல் எழுத்துகளும் உரைநடையில் மறையலாம். அட்டவணையின் தலைப்பில் மட்டும் தமிழ்ச் சொல்லோடு எழுத்தையும் சேர்த்து வையுங்கள். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அது உதவும்.

ஆய்வுகளின் பெயர்களும் மரபணுப் பெயர்களும் பெயர்ச்சொற்கள். SHINE என்பது குழந்தைகளின் கடுமையற்ற காசநோய்க்கு 6 மாதத்துக்குப் பதிலாக 4 மாதச் சிகிச்சை போதுமா என்று பார்த்த ஆய்வு, இந்தியாவிலும் நடந்தது. அதை ஒளி என்று மொழிபெயர்த்தால் சிரிப்புதான் வரும். STREAM, Nix-TB எல்லாம் அப்படியே இருக்கட்டும். rpoB, katG போன்ற மரபணுப் பெயர்களில் எழுத்தின் பெரிது சிறிதைக்கூட மாற்றக்கூடாது; சாய்வெழுத்தையும் விடக்கூடாது. BPaLM-ஐ முழுவதும் பெரிய எழுத்தாக்கும் மென்பொருள்கள் உண்டு. அதில் Pa இரண்டும் சேர்ந்துதான் பிரிட்டோமனிடைக் குறிக்கின்றன.

ஐந்தாம் படி: உருபு ஒட்டுவது

ஆங்கில எழுத்துக்குப் பின் தமிழ் உருபு வரும்போது, எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும். இ, ஈ, ஐ ஒலியில் முடிந்தால் யகரம் வரும்: HIV-யால், MRI-யில். உ, ஊ, ஓ ஒலியில் முடிந்தால் வகரம்: ICU-வில், WHO-வின். மெய்யொலியில் முடிந்தால் எதுவும் வேண்டாம்: PCR-இல், XDR-இன். நான்காம் வேற்றுமைக்கு எல்லாவற்றுக்கும் -க்கு. சொல்லாகப் படிக்கப்படுபவற்றில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். CBNAAT-ஐ எழுத்தெழுத்தாகப் படித்தால் கடைசி ஒலி டி. ஆனால் எல்லோரும் சிபிநாட் என்பதால் CBNAAT-இல் என்பதே சரி. DOTS-உம் அப்படியே. அதில் உள்ள S பன்மை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். RCTs போன்றவற்றில் வரும் சிறிய s பன்மை. அதை நீக்கிவிட்டுத் தமிழ்ப் பன்மை போடுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் எழுத்துகளுக்குப் பின் ஒரு தமிழ் வகைப்பெயரைச் சேர்த்து, உருபை அதற்கு ஒட்டுங்கள்: CBNAAT சோதனையில், BPaLM கூட்டுமருந்தால், SHINE ஆய்வின். வாசகருக்கும் அது என்ன பொருள் என்பது ஒவ்வொரு முறையும் நினைவூட்டப்படும். பெரும்பாலான இடங்களில் இதையே நாங்கள் விரும்புகிறோம்.

ஒரு பத்தியில் பார்ப்போம்

பயிற்சிக்காக உருவாக்கிய ஒரு பகுதி இது, எண்களும் கற்பனையானவை. முதல் வரைவு இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “EPTB உள்ள PLHIV-களில் LTFU அதிகம், HR 1.8, 95% CI 1.2–2.7. தொடர் கட்டத்தில் HR பெற்றவர்களில் RR-TB அதிகம், RR 1.4, 95% CI 0.9–2.2.”

EPTB நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய். PLHIV எச்ஐவியுடன் வாழ்வோர். பன்மை ஏற்கெனவே உள்ளே இருப்பதால் “கள்” தேவையில்லை. முதல் HR-க்குப் பின் எண்ணும் இடைவெளியும் இருப்பதால் அது இடர்வீத விகிதம். இரண்டாவது HR-க்கு முன் “தொடர் கட்டம்”, பின் “பெற்றவர்கள்” என்று இருப்பதால் அது மருந்துக் கூட்டு. RR இரண்டும் வேறுவேறு. இவற்றில் எதையும் வாசகர் வெளியே பார்க்கப்போவதில்லை, ஆகவே எல்லாமே விரியலாம்:

“எச்ஐவியுடன் வாழ்வோரில், நுரையீரலுக்கு வெளியே காசநோய் வந்தவர்கள் சிகிச்சைத் தொடர்பிலிருந்து விடுபடுவது அதிகமாக இருந்தது, இடர்வீத விகிதம் 1.8, 95% நம்பிக்கை இடைவெளி 1.2 முதல் 2.7 வரை. தொடர் கட்டத்தில் ஐசோனியசிடும் ரிஃபாம்பிசினும் மட்டும் பெற்றவர்களில், ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான ஒப்பீட்டு இடர் 1.4, ஆனால் 95% நம்பிக்கை இடைவெளி 0.9 முதல் 2.2 வரை இருப்பதால், இவர்களில் இது அதிகம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.”

விரித்த பிறகுதான் இரண்டாம் வாக்கியத்தின் பிழை கண்ணில் பட்டது. இடைவெளி 1-ஐத் தாண்டிக் கீழே போகிறது. முதல் வரைவு இரண்டுக்கும் ஒரே “அதிகம்” போட்டிருந்தது. மூலத்திலேயே அப்படி இருந்தால், திருத்தாமல் மொழிபெயர்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகத் தனியே சொல்லுங்கள்.

கடைசிச் சரிபார்ப்பு

முதல் படியில் ஓட்டிய அதே கட்டளையைத் தமிழ்க் கோப்பின் மீதும் ஓட்டுங்கள். மிஞ்சியிருக்கும் ஒவ்வோர் ஆங்கிலச் சுருக்கப்பெயரும் தெரிந்தே விட்டதா, தவறி நின்றதா என்று பார்க்கலாம். கட்டளை சாதாரண இணைப்புக்கோட்டை மட்டுமே அறியும். வரி உடையாமல் இருக்க MDR-TB-க்கு நடுவே சிறப்பு இணைப்புக்கோடு போட்டிருந்தால் அது இரண்டு துண்டாக வரும். சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. அதனால் அந்த மாற்றத்தை அச்சுக்குப் போகும் முன் கடைசியாகச் செய்யுங்கள்.

பிறகு, மூலத்தைப் பார்க்காத, ஆனால் துறை தெரிந்த ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு விரிவுக்கும் ஆங்கிலச் சுருக்கப்பெயர் எதுவாக இருக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்பீட்டு இடருக்கும் வாய்ப்பு விகிதத்துக்கும் அவர் ஒரே எழுத்துகளைப் போட்டால் சொற்பட்டியலைத்தான் திருத்த வேண்டும். ஒரு விரிவுக்கு எதுவுமே தோன்றவில்லை என்றால், அந்த இடத்தில் விளக்கத்தோடு ஆங்கில எழுத்துகளையும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள்.